திரும்பி வந்த பொம்மைகளுக்கெல்லாம் கிரெடிட் நோட் போடலாமா?

விஜயதசமி கழிந்து ஐந்தாம் நாள் மயிலாடுதுறைக் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மீதிச் சரக்கை பார்சல் ஆபீஸில் போட்டுவிட்டேன். கணக்கும் பார்த்துவிட்டேன். எனக்கு நீங்கள்தான் 4,800 ரூபாய் தரவேண்டியிருக்கிறது. கிரெடிட் நோட் அனுப்பிவிடுங்கள், தம்பி" என்றார். குரலில் சண்டை எதுவும் இல்லை. கூட்டிக் கழித்து வந்த விடையைத்தான் சொன்னார். நானும் சரி என்று சொல்லிவிட்டு, பேரேட்டைத் திறந்த பிறகுதான் திகைத்தேன். என் ஏட்டின்படி அவர் எங்களுக்குப் பணம் தரவேண்டும்.

நான் கணக்கு எழுதுவது தஞ்சாவூரில் என் மைத்துனர் நடத்தும் சிறு பட்டறைக்கு. தலையாட்டி பொம்மைகளும் கொலுவுக்கான காகிதக்கூழ் பொம்மைகளும் செய்கிறார்கள். ஆடியில் சரக்கை டெல்டா ஊர்களிலுள்ள கடைகளுக்கு அனுப்புவோம். கடைக்காரர் முன்பணம் எதுவும் தருவதில்லை. விற்றதற்குப் பணம், விற்காதது திரும்ப எங்களுக்கு. இதைத்தான் கன்சைன்மென்ட் என்கிறார்கள். ஏட்டுத் தமிழில் அனுப்பீடு என்று சொல்லலாம். கடைவீதியில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. "வித்தா பணம்" என்பார்கள், அவ்வளவுதான்.

இந்த முறையில் அனுப்புவது எளிது. விற்றதற்குப் பணம் வாங்குவதும் பெரிய வித்தை அல்ல. புதிதாகக் கணக்கு எழுதுபவர்கள் தடுமாறுவது சரக்கு திரும்பி வரும் நாளில்தான். ஒரே பெட்டியில் வரும் பொம்மைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஏட்டில் அவை இரண்டு சாதி. சிலவற்றுக்குக் கிரெடிட் நோட் போட்டே ஆகவேண்டும், சிலவற்றுக்குப் போடவே கூடாது. அந்த மயிலாடுதுறைக் கணக்கையே எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். எண்கள் சுலபமாக இருக்கட்டும் என்பதற்காக வரியைச் சேர்க்காமல் எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கன்று, அதாவது ஆகஸ்ட் 3-ஆம் தேதி, அந்தக் கடைக்கு 60 தலையாட்டி பொம்மைகளும் 12 தசாவதாரச் செட்டுகளும் போயின. தலையாட்டி பொம்மையைக் கடையில் 400 ரூபாய்க்கு விற்பார்கள். நூற்றுக்கு 25 கடையின் கழிவு, எங்களுக்கு 300 வரும். செட்டின் விலை 2,000, எங்களுக்கு 1,500. ஆக 36,000 ரூபாய் மதிப்புள்ள சரக்கு வண்டி ஏறியது.

அதனுடன் போனது பில் அல்ல, டெலிவரி சலான். இங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. பில் என்றால் விற்றுவிட்டேன் என்று பொருள். சலான் என்றால் சரக்கு இடம் மாறுகிறது, உடைமை மாறவில்லை என்று பொருள். ஜிஎஸ்டி விதிகளில் 55-ஆம் விதி இந்தச் சலானைப் பற்றியது. மூன்று படிகள் எழுதவேண்டும்: மூலப்படி சரக்கைப் பெறுபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது நமக்கு. சரக்கின் பெயரும் எண்ணிக்கையும் மதிப்பும் அதில் இருக்கும். அதனால் பார்வைக்குப் பில்லைப் போலவே தெரியும். மயிலாடுதுறைக்காரர் குழம்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த 60 பொம்மைகளும் கடை அலமாரியில் உட்கார்ந்திருந்தாலும் எங்கள் இருப்புதான். டாலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கடையையும் ஒரு கோடவுனாகப் போட்டுக்கொள்ளலாம். பட்டறைக் கோடவுனில் 60 குறையும், மயிலாடுதுறைக் கோடவுனில் 60 கூடும், மொத்த இருப்பு மாறாது. நோட்டில் எழுதுகிறவர்கள் கடைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

நவராத்திரியின் ஐந்தாம் நாள் கடைக்காரர் விற்ற கணக்கை முதல் தடவையாகச் சொன்னார்: 20 பொம்மைகள், 4 செட்டுகள். அன்றே முதலாவது பில்லைப் போட்டேன், 12,000 ரூபாய். அதை உடனே கொடுத்துவிட்டார். விஜயதசமிக்கு மறுநாள் இரண்டாவது கணக்கு வந்தது: மேலும் 18 பொம்மைகள், 3 செட்டுகள். அதற்கு 9,900 ரூபாய்க்கு இரண்டாவது பில். இரண்டும் சேர்த்து 21,900. விற்பனை என்று எங்கள் ஏட்டில் ஏறியது இதுமட்டும்தான். கடைப் பக்கத்தில் 22 பொம்மைகளும் 5 செட்டுகளும் மிச்சம் நின்றன. பார்சலில் வரவேண்டியவை அவையே.

கடைக்காரர் தாளில் இருந்த கணக்கு இப்படி ஓடியது. திருப்பி அனுப்பிய பொம்மைகள் 24, தலைக்கு 300 வீதம் 7,200. செட்டுகள் 5, தலைக்கு 1,500 வீதம் 7,500. திரும்பிய சரக்கு மொத்தம் 14,700. இதை 21,900 ரூபாய்ப் பில்லில் கழித்தால் 7,200. நான் கொடுத்ததோ 12,000. ஆகவே 4,800 எனக்கு வரவேண்டும்.

கூட்டலில் பிழையில்லை, கழித்த இடம்தான் பிழை. திரும்பிய சரக்கில் பெரும்பகுதிக்கு நாங்கள் பில்லே போடவில்லை. அவர் கணக்கில் கடனாக ஏறாத ஒன்றை எப்படிக் கழிப்பது? 36,000 ரூபாய்க்கும் முதலிலேயே பில் போட்டிருந்தால் அவர் செய்த கழித்தல் முறை பொருந்தியிருக்கும். விற்றதற்கு மட்டும் பில் போட்டிருக்கும்போது, விற்காதது ஏற்கெனவே கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது. அதை இன்னொரு முறை கழித்தால் விற்ற பொம்மைகளின் பணம் கரைந்துபோகும்.

கிரெடிட் நோட் என்பது ஒரு பில்லைக் குறைக்கும் சீட்டு. பாடப்புத்தகம் அதை வரவுக் குறிப்பு என்கிறது. உங்கள் கணக்கில் இவ்வளவு வரவு வைத்தோம் என்று விற்றவர் வாங்கியவருக்கு எழுதிக் கொடுப்பது. ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவும் அதைப் பில்லோடுதான் கட்டுகிறது. பில் போட்ட பிறகு சரக்கு திரும்பினாலோ, பில்லில் விலையோ வரியோ கூடுதலாக விழுந்திருந்தாலோ, சரக்கில் குறை இருந்தாலோதான் அது போடப்படும். பில் இல்லாத இடத்தில் கிரெடிட் நோட்டுக்குப் பிடித்துக்கொள்ளக் கொம்பில்லை. ஆகவே சலானில் போய், விற்காமல், சலானிலேயே திரும்பும் சரக்குக்கு "சரக்கு திரும்பப் பெற்றோம்" என்ற ஒரு சீட்டு போதும். அதில் எண்ணிக்கை இருக்கும், பழைய சலானின் எண் இருக்கும், பணம் இருக்காது.

அப்படியானால் அந்த மயிலாடுதுறைப் பார்சலுக்குக் கிரெடிட் நோட்டே வேண்டாமா? வேண்டும். அவர் தாளில் 22-க்குப் பதில் 24 என்று இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். விசாரித்தபோது சொன்னார்: நவராத்திரி முதல் வாரத்தில் விற்ற இரண்டு பொம்மைகளை வாங்கியவர்களே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களாம். தலை சரியாக ஆடவில்லை. தலையாட்டி பொம்மையில் பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனிப் பகுதிகள். ஒன்றின்மேல் ஒன்று கம்பியில் உட்கார்ந்துதான் ஆடும். கம்பி சற்று வளைந்தாலும் தலை ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிடும். அது பட்டறையின் குறை, மறுக்க முடியாது. அந்த இரண்டும் முதல் பில்லில் ஏறியவை. அவற்றுக்கு முதல் பில்லின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு 600 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் எழுதினேன். ஏட்டில் அது விற்பனைத் திருப்பம். மற்ற 22 பொம்மைகளும் வெறும் இடமாற்றம்.

வரிப் பதிவு உள்ளவர்கள் கிரெடிட் நோட்டில் வரியையும் காட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரர் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்டும் வரியில் கழித்திருந்தால் அவரும் அதைத் திருப்பவேண்டும். தெரியாமல் செய்யாதீர்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். காலக்கெடுவும் உண்டு. பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் அந்தக் கிரெடிட் நோட்டை வரிக் கணக்கில் காட்டிவிடவேண்டும்.

இனி பெட்டியைப் பிரிப்போம். திரும்பி வந்த பெட்டியை நேராக இருப்பு அலமாரிக்குக் கொண்டுபோகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எங்கள் பட்டறையில் வாசல் திண்ணையை ஒட்டி ஒரு பழைய மேசை இருக்கிறது. திரும்பும் சரக்கு அதைத் தாண்டி உள்ளே வராது. முதல் வேலை எண்ணுவது. அதுவும் கடையின் சீட்டைப் பார்க்காமல் எண்ணி, பிறகு ஒப்பிடவேண்டும். சீட்டில் 24 என்று பார்த்துவிட்டால் கை 24 என்றே எண்ணி முடிக்கும்.

எண்ணியதில் 23 பொம்மைகள்தான் இருந்தன. ஒன்று குறைவு. பார்சல் பெட்டியின் கட்டு பிரியவில்லை, ஆகவே வழியில் போகவில்லை. கடையில் கேட்டதற்கு, கூட்டத்தில் யாரோ எடுத்துப் போயிருக்கலாம் என்றார்கள். கடையின் பொறுப்பில் இருக்கும்போது காணாமல் போனது கடைக்கு விற்றதாகவே ஆகும் என்று சலானில் எழுதியிருந்தோம். அந்த ஒன்றுக்கு 300 ரூபாய்க்குப் பில் போட்டேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார். எழுதியிராவிட்டால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்.

செட்டுகள் ஐந்தும் வந்தன. மூன்று முழுமையாக இருந்தன. நான்காவதில் வாமனர் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுச் செட்டில் வாமனர் உடைந்துவிட்டதென்று வந்து கேட்க, கடைப் பையன் புதுச் செட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டான். கொலுக் கடைகளில் இது வாடிக்கை. ஒன்பது அவதாரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐந்தாவதில் கல்கியின் குதிரைக்குக் கால் முறிந்திருந்தது. இரண்டு குறைச் செட்டுகளை வைத்து ஒரு முழுச் செட்டு ஆக்கலாம் என்று மைத்துனர் சொன்னார். ஐந்தாவதின் வாமனரை நான்காவதில் வைத்தால் அது முழுமை. மிச்சம் எட்டு நல்ல உதிரி பொம்மைகள், ஒரு முறிந்த கல்கி. ஆனால் இரண்டு செட்டுகளும் ஒரே கலவையில் வண்ணம் பூசியவையா என்று பார்க்கவேண்டும். நீலம் ஒரு பிடி கூடினாலும் வரிசையில் அந்த ஒரு பொம்மை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்காகவே பீடத்தின் அடியில் பென்சிலால் கலவை எண் எழுதி வைக்கிறோம். விற்ற வாமனருக்கு உதிரி விலையாக எங்கள் பங்கு 150 ரூபாய்க்குப் பில் போனது.

அடுத்தது நிலைமை பார்ப்பது. இதில் டெல்டாவுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நவராத்திரி முடியும் நேரம்தான் குறுவை அறுவடை. வடகிழக்குப் பருவமழையும் பின்னாலேயே வந்துவிடும். கடைக்காரர்கள் பெட்டிக்குள் திணிக்கப் புது வைக்கோலை எடுப்பார்கள், அது கைக்கே ஈரம் தெரியும். காகிதக்கூழ் பொம்மை ஈரத்தைக் குடிக்கும். இரண்டு நாள் பார்சல் ஆபீஸில் கிடந்தால் அடிப்பாகம் பூத்துவிடும். இந்த முறை நான்கு பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார்கள். தாளைப் பிரித்தபோது ஒரு நாட்டியப் பெண்ணின் கன்னத்தில் நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றிய செய்தியின் இரண்டு வரி, எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, அப்படியே பதிந்திருந்தது. ஈரத்தில் வண்ணம் இளகி அச்சுமையை இழுத்துக்கொண்டிருக்கிறது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் விற்க முடியாது.

எனவே மேசையிலிருக்கும் பொம்மைகளை நிழலில், காற்று படும்படி சில நாட்கள் விட்டுவிடுவோம். வெயிலில் வைத்தால் மேல் வண்ணம் வெடிக்கும். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் மூன்று விதமாகப் பார்ப்போம். அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, வண்ணம் ஒட்டுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பது, பிறகு சுண்டிவிட்டுத் தலை ஆட்டம் நிற்கிறவரை கவனிப்பது. தலையும் உடலும் மாறி உட்கார்ந்திருந்தாலும் ஆட்டத்தில் தெரிந்துவிடும். கடையில் துடைக்கும்போது கழற்றி மாற்றிப் பொருத்திவிடுவார்கள்.

23 பொம்மைகளில் 15 நன்றாக இருந்தன. வண்ணம் கெட்ட நான்கும் கம்பி வளைந்த இரண்டும் சரிசெய்யக்கூடியவை. இரண்டு உடைந்தவை. உடைந்த இரண்டின் நட்டம் யாருக்கு? திரும்ப அனுப்பும்போது பெட்டி கட்டியது கடைக்காரர். ஆனால் திரும்பும் பெட்டியை யார் எப்படிக் கட்டவேண்டும் என்று நாங்கள் சலானில் எழுதவில்லை. அந்த நட்டத்தை நாங்களே ஏற்றோம். அதற்குப் பிறகு அனுப்பும் பெட்டிகளிலேயே காய்ந்த பழைய வைக்கோலும் வெறும் தாளும் கூடுதலாக வைத்து, "மீதியை இதிலேயே கட்டுங்கள்" என்று எழுதிவிடுகிறோம். பெட்டியின் மூடியில் உள்ளே இருக்கும் எண்ணிக்கைக்குக் கட்டம் போட்டும் கொடுக்கிறோம்.

இப்போது இருப்பில் சேர்ப்பது. புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, திரும்பிய பொம்மையை 300 ரூபாய் என்று இருப்பில் ஏற்றுவது. அந்த 300 விற்றால் வரும் விலை. பட்டறையில் அதற்கு ஆன அடக்கம் 180 என்றால், அலமாரிக்கு 180 ரூபாய்ப் பொருளாகத்தான் திரும்புகிறது. மீதி 120 இன்னும் சம்பாதிக்காத லாபம், அதை இருப்புக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. நன்றாக இருக்கும் 15-க்கும் 180 வீதம். சரிசெய்யும் ஆறுக்கு வண்ணத்துக்கும் கூலிக்கும் 40 ரூபாய் ஆகும் என்று வையுங்கள். விற்றால் 300 கிடைக்கும், 40 போனால் 260. அது அடக்கத்தைவிட அதிகம், ஆகவே அவையும் 180-லேயே நிற்கலாம். உடைந்தவற்றுக்கு விற்பனை மதிப்பு இல்லையென்றால் பூஜ்ஜியம், 360 ரூபாய் நட்டம் என்று எழுதிவிடவேண்டும். அடக்கம், விற்றால் கையில் நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் இருப்பு மதிப்பு.

இதில் நான் முன்னே சொன்ன இரண்டு சாதி மறுபடி தலைகாட்டும். விற்காமல் திரும்பிய 21 பொம்மைகளால் மொத்த இருப்பு கூடுவதில்லை. மயிலாடுதுறைக் கோடவுனில் குறைந்து திண்ணை மேசையில் கூடுகின்றன. டாலியில் ஸ்டாக் ஜர்னல் போதும். கிரெடிட் நோட்டில் வந்த இரண்டு பொம்மைகளால்தான் இருப்பு உண்மையாகவே இரண்டு கூடும், ஏனென்றால் அவை ஏட்டைவிட்டு வெளியே போயிருந்தவை. எல்லாவற்றுக்கும் கிரெடிட் நோட் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே பாருங்கள். விற்காத 21 பொம்மைகள் கிரெடிட் நோட் வழியாக ஒருமுறை உள்ளே வரும், கடைக் கோடவுனிலும் அப்படியே நிற்கும். ஆண்டு முடிவில் இல்லாத 21 பொம்மைகளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சரியாக எழுதியிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரே சோதனை போதும். கடைப் பக்கம் பூஜ்ஜியம் ஆகவேண்டும். 60 போனது. 38-க்குப் பில், காணாமல் போன ஒன்றுக்குப் பில், விற்காமல் திரும்பியது 21. கூட்டினால் 60. ஆகவே கடையில் எங்கள் பொம்மை ஒன்றும் இல்லை. பணக் கணக்கும் அதே நாளில் முடிந்தது. இரண்டாவது பில் 9,900, காணாமல் போன பொம்மைக்கு 300, வாமனருக்கு 150, மொத்தம் 10,350. அதில் கிரெடிட் நோட் 600 போக 9,750 அவர் எங்களுக்குத் தரவேண்டும். நேரில் போய் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "எனக்குப் பில் போட்ட சரக்கு எது, சலானில் வந்தது எது என்று நான் பிரிக்கவே இல்லையே" என்றார். காப்பி வாங்கிக் கொடுத்தார். பணம் மறு வாரம் வந்தது.

இவ்வளவும் சரக்கு சீக்கிரம் திரும்பினால். திருவாரூர்ப் பக்கம் ஒரு கடைக்காரர் வேறு மாதிரி. "அடுத்த கொலுவுக்கு எப்படியும் அனுப்பத்தானே போகிறீர்கள், இங்கேயே கிடக்கட்டும்" என்பார். வண்டிச் செலவு மிச்சம் என்று மைத்துனருக்கும் ஆசைதான். வரிப் பதிவு உள்ளவர்கள் இந்த ஆசையை அடக்கவேண்டும். விற்றால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பு என்று அனுப்பிய சரக்குக்கு, விற்பனை நடக்கும்போதோ அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்திலோ, எது முந்தியதோ அப்போது பில் போட்டுவிடவேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 7-ஆம் உட்பிரிவு. ஆகஸ்ட் 3-இல் போன பொம்மை பிப்ரவரி 3 வரை அலமாரியில் தூங்கினால், ஒருவரும் வாங்காமலே பில்லும் வரியும் விழும். அதன்பின் சித்திரையில் அதே பொம்மை திரும்பி வந்தால், இப்போது பில் இருக்கிறது, ஆகவே கிரெடிட் நோட் வேண்டும். ஒரே பொம்மை, ஆறு மாதம் கடந்ததால் சாதி மாறிவிட்டது.

திருப்பும் நாளைச் சலானில் குறித்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 24-ஆம் பிரிவில், இப்படி அனுப்பிய சரக்கைப் பெற்றவர் வேண்டாம் என்று சொல்லாமல் குறித்த நாளைக் கடந்தும் வைத்துக்கொண்டால் அது அவருக்கே சொந்தமாகிவிடும் என்கிறது. நாள் குறிக்காவிட்டால் நியாயமான காலம் என்று சட்டம் பேசும். எது நியாயம் என்று வாதாட நேரம் யாருக்கு இருக்கிறது? நாங்கள் விஜயதசமி கழிந்து பத்தாம் நாள் என்று எழுதுகிறோம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் யாராவது மாட்டிக்கொள்வார்கள். மேலே சொன்னதெல்லாம், கடைக்காரர் தான் விற்றதை நம்மிடமிருந்து வாங்கியதாகக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டுக்கு. அவர் நமக்கு முகவராக, கமிஷனுக்கு விற்றுத்தரும் ஒப்பந்தமாக இருந்து, வாடிக்கையாளருக்குத் தம் பெயரிலேயே பில் போடுகிறார் என்றால் நிலை வேறு. ஜிஎஸ்டி சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, அவருக்கு அனுப்புவதே விற்பனையாகக் கொள்ளப்படும். அப்போது அனுப்பும் நாளிலேயே பில், திரும்பும் ஒவ்வொரு பொம்மைக்கும் கிரெடிட் நோட். எனவே பில் யார் பெயரில் போகிறது என்று முதலில் கேளுங்கள். காரைக்காலுக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்திலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் அது புதுச்சேரி. வரிக் கணக்கில் வெளிமாநிலம். சரக்கு வண்டியோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு இ-வே பில். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்வரை தேவைப்படாத அது, எல்லை தாண்டினால் 50,000 ரூபாயிலேயே தேவைப்படும். திரும்பி வரும் வண்டிக்கும் அதே விதிதான்.

திரும்பிய 15 நல்ல பொம்மைகளின் பீடத்தடியில் ஆண்டும் "ம" என்ற ஓர் எழுத்தும் எழுதி உள்ளே வைத்தோம். அடுத்த ஆடியில் அவை மயிலாடுதுறைக்குப் போகாது, கும்பகோணத்துக்குப் போகும். ஒரு கடைத்தெருவில் ஒரு பருவம் முழுவதும் எல்லோரும் பார்த்துவிட்டு வைத்த பொம்மையை அதே தெருவில் மறுபடி நிறுத்துவதில் பயனில்லை என்பது மைத்துனரின் கணிப்பு. இரண்டாம் முறையும் திரும்பி வந்தால் அதைக் கடைகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, பட்டறை வாசலில் அடக்க விலைக்கு வைத்துவிடுகிறோம். எட்டு உதிரி அவதாரங்களும் இப்போது அங்கேதான், ஒரு தட்டில். போன வாரம் ஒரு பாட்டி வந்து கூர்மத்தை மட்டும் எடுத்துப் போனார். அதற்கு எழுதிய பில் சீட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது, தட்டில் ஏழு.